கலந்த டையை மூடி வைக்காதீங்க

"அக்கா, கிண்ணத்துல மீதி இருக்கே, அதை ஒரு டப்பாவுல போட்டுக் குடுங்களேன். அடுத்த வாரம் வகிட்டுல வெள்ளை தெரிஞ்சா தொட்டுக்கறேன்."

பார்லர் நடத்தும் யாரும் இந்த வேண்டுகோளைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் கண்ணெதிரே கழுவு தொட்டிக்குள் போனால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? மிஞ்சிய குழம்பைக்கூடச் சூடு பண்ணி வைத்துக்கொள்ளும் வீடுகள் நம்முடையவை. ஆனால் நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. "கெட்டுப் போயிடும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது அவசரத்தில் சொல்கிற பதில். முழு பதிலைச் சொல்ல நாற்காலியில் அடுத்த ஆள் காத்திருக்கக் கூடாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

உண்மையில் அந்த டை கெட்டுப்போவதில்லை. வேலையை முடித்துவிடுகிறது. தலையில் நடக்க வேண்டிய வேலை கிண்ணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ட்யூபைப் பிதுக்கும்போது வரும் க்ரீமைக் கவனித்திருக்கிறீர்களா? அட்டைப் பெட்டியில் 'இயற்கைக் கருப்பு' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பதோ வெண்ணெய் நிறத்தில் இருக்கும். ஏனென்றால் ட்யூபுக்குள் கருப்பு என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. இருப்பதெல்லாம் நிறமில்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள். பாரா-ஃபினைலீன்டையமின் (பி.பி.டி.) அதில் பெயர் பெற்றது. சில கம்பெனிகள் அதற்குப் பதிலாக அதன் உறவுக்காரப் பொருள் ஒன்றைப் போடுவார்கள். கூடவே ரெசார்சினால் போன்ற துணைப்பொருட்கள் இருக்கும். எந்த நிறம் வரவேண்டும் என்பதை இந்தத் துணைப்பொருட்கள்தான் முடிவு செய்கின்றன. இவற்றோடு அமோனியாவும் இருக்கும். 'அமோனியா இல்லாதது' என்று விற்கும் பெட்டியிலும் அந்த இடத்தில் வேறொரு காரம் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு பாட்டிலில் டெவலப்பர். அது தண்ணீரில் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடுதான், க்ரீம் வடிவத்தில் இருக்கும். இரண்டையும் கலந்ததும் க்ரீமில் உள்ள காரம் பெராக்சைடை உசுப்பிவிடுகிறது. பெராக்சைடு பி.பி.டி.யை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்படி மாறிய பி.பி.டி. பக்கத்தில் இருக்கும் துணைப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று சின்ன மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு பெரிய மூலக்கூறு ஆகும்போதுதான் முதன்முதலாக நிறம் தெரிகிறது. பி.பி.டி.யை முடிச்சாயத்துக்குப் பயன்படுத்த 1883இல் பிரான்சில் காப்புரிமை வாங்கினார்கள். இன்றுவரை நிரந்தரச் சாயத்தின் அடிப்படை வேதியியல் பெரிதாக மாறவில்லை. பெட்டியின் படமும் விளம்பர நடிகையும்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கூட்டுச்சேர்க்கை எங்கே நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முடியின் மேல் மீன் செதில் போல ஓர் அடுக்கு உண்டு. காரம் பட்டதும் முடி உப்பி அந்தச் செதில்கள் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாகச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து, உள்ளே போன பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக வேண்டும். பெரிதானபின் வந்த வழியே வெளியே போக முடியாது. அதனால்தான் எத்தனை முறை ஷாம்பூ போட்டாலும் நிறம் நிற்கிறது. குறுகலான வாசல் உள்ள வீட்டுக்குக் கட்டில் வாங்கினால் என்ன செய்கிறோம்? காலையும் சட்டத்தையும் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், அறைக்குள் வைத்துப் பூட்டுகிறோம். தெருவிலேயே பூட்டி முடித்த கட்டிலை அந்த வாசல் வழியே எப்படி நுழைப்பது?

நேற்றுக் கலந்த டை தெருவில் பூட்டிய கட்டில்தான். நிறம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கிண்ணத்தைப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "இவ்வளவு கருப்பா இருக்கே, ஏன் பிடிக்காது?" என்று கேட்பார்கள். அவ்வளவு கருப்பாக இருப்பதால்தான் பிடிக்காது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை. சீப்பில் சிக்கும் வெள்ளை முடிகளைச் சேர்த்து இரண்டு சின்னக் கற்றையாக நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, இன்று கலந்த டையை ஒன்றில் தடவுங்கள். நேற்றுக் கலந்து திறந்தே வைத்திருந்ததை இன்னொன்றில் தடவுங்கள். இரண்டுக்கும் 35 நிமிடம் கொடுத்துவிட்டு ஷாம்பூ போட்டு அலசுங்கள். புதியது தடவிய கற்றை நுனிமுதல் அடிவரை ஒரே கருப்பாக இருக்கும். பழையது தடவிய கற்றையிலிருந்து கருப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிறகு அழுக்குப் பட்ட வெள்ளை முடி மாதிரி சாம்பலும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். இன்னும் இரண்டு முறை அலசினால் அதுவும் வெளுத்துவிடும். தலையில் போட்டாலும் இதே கதைதான். நெற்றியிலும் காது மடலிலும் மட்டும் கறை அழகாகப் பிடித்துக்கொள்ளும்.

கலவைக்கு எவ்வளவு நேரம் உயிர் இருக்கிறது? பொதுவாக அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தலையில் தடவி முடித்துவிட வேண்டும். தடவிய பிறகு ஊற வேண்டிய நேரம் தனிக்கணக்கு, அது பெட்டியில் போட்டிருக்கும். கிண்ணத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடலாம். கலந்தவுடன் வெண்ணெய் நிறம். சில நிமிடங்களில் மேல்பரப்பு ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ மாறும். பிறகு கருத்து, பாலில் ஆடை கட்டுவதுபோல ஒரு தோல் படியும். பிரஷால் கிளறினால் அடியில் இன்னும் வெளிறிய க்ரீம் தெரிகிறதென்றால் வேலை செய்ய இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அடிவரை ஒரே கருப்பு, அமோனியா நெடியும் குறைந்து, நுரைத்து லேசாக உப்பியிருக்கிறது என்றால் அதன் கதை முடிந்தது.

"ஃப்ரிட்ஜில் வைத்தால்?" என்பது அடுத்த கேள்வி. குளிர் வேதிவினையை மெதுவாக்கும், நிறுத்தாது. பத்து டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. நம் ஊர் 30 டிகிரியிலிருந்து ஃப்ரிட்ஜின் 5 டிகிரிக்குப் போனால் வேகம் ஐந்தாறு மடங்கு குறையும். அரை மணி நேரம் மூன்று மணி நேரம் ஆகலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை எப்படித் தாங்கும்? அதுவும் போக, தயிருக்கும் பாலுக்கும் பக்கத்தில் பி.பி.டி. இருக்கும் டப்பாவை வைப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் பாதிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெயர் ஒட்டாத டப்பாவில் டை இருக்கவே கூடாது.

இதுவரை சொன்னது வீணாகிற கதை. ஆபத்தான கதை ஒன்று உண்டு, அது மூடியைப் பற்றியது.

பெராக்சைடு எல்லாமே நிறம் உண்டாக்கச் செலவாகிவிடாது. மிஞ்சுவது தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் பிரியும். காரத்தோடு கலந்துவிட்டதால் இன்னும் வேகமாகப் பிரியும். பார்லரில் டெவலப்பரை '10 வால்யூம், 20 வால்யூம்' என்று சொல்வோமே, அந்த எண்ணே இதைத்தான் சொல்கிறது. 20 வால்யூம் என்றால் ஒரு மில்லி டெவலப்பர் முழுதாகப் பிரிந்தால் 20 மில்லி ஆக்சிஜன் வரும். 20 வால்யூம் என்பது 6 சதவீதப் பெராக்சைடு. 40 வால்யூம் என்பது 12 சதவீதம்.

இப்போது ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததற்கு மிகக் கிட்டத்தில் உள்ள கணக்கு இது. ஒரு பங்கு க்ரீம், ஒரு பங்கு டெவலப்பர் என்று கலந்ததில் 40 கிராம் மிஞ்சியது. அதை 100 மில்லி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்தாயிற்று. 40 கிராமில் பாதி, அதாவது 20 கிராம் டெவலப்பர். 20 வால்யூம் என்பதால் அதிலிருந்து அதிகபட்சம் 400 மில்லி ஆக்சிஜன் வரலாம், அதாவது இரண்டு டம்ளர் அளவு. நிறம் உண்டாக்கச் செலவானது போக, கால் பங்குதான் வாயுவாக வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது 100 மில்லி. டப்பாவில் காலியாக இருக்கும் இடம் 60 மில்லிதான். அதிலும் ஏற்கெனவே காற்று இருக்கிறது. உள்ளே அழுத்தம் வெளியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். இட்லிப் பொடி போட்டு வைக்கும் டப்பாவை அந்த அழுத்தத்துக்காகவா செய்தார்கள்?

அந்த வீட்டில் ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம். மூடி ஒரு பக்கம் பறந்தது. அலமாரிக் கதவு, மடித்து வைத்த துணி, பக்கத்துச் சுவர் எங்கும் கருப்புப் புள்ளிகள். யாருக்கும் அடிபடவில்லை. சுவரை மட்டும் மறுபடி வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. மூடி பறக்காமல் காலையில் யாராவது முகத்துக்கு நேரே வைத்துத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முடியை வெளுக்கும் ப்ளீச் பௌடரும் டெவலப்பரும் கலந்த கலவை இதைவிட மோசம். அது சூடாகவும் செய்யும். அதையும் மூடி வைக்கவே கூடாது.

பௌடர் டை வாங்குபவர்கள் "எங்களுக்கு டெவலப்பரே கிடையாதே, தண்ணியில்தானே கலக்கிறோம்" என்பார்கள். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பேரியம் பெராக்சைடு என்றோ சோடியம் பெர்போரேட் என்றோ ஒரு பெயர் இருக்கும். டெவலப்பரின் வேலையைச் செய்யும் பொருளை உலர்ந்த தூளாக உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தண்ணீர் பட்டதும் அதே வினை தொடங்கும். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பல பாக்கெட்டுகளும் இந்த வகைதான். மருதாணி கொஞ்சம் இருக்கும், கருப்பைக் கொடுப்பது பி.பி.டி. ஆகவே அவற்றையும் கலந்தால் கலந்ததுதான்.

நிஜ மருதாணி மட்டும் விதிவிலக்கு. இலையை அரைத்தோ, வேறெதுவும் சேராத பொடியைக் குழைத்தோ போடுகிறீர்களே, அதில் பெராக்சைடும் இல்லை, கூட்டுச்சேர்க்கையும் இல்லை. அதன் சாயம் அப்படியே போய் முடியின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்துப் பிறகு எடுத்துப் போடலாம், நன்றாகவே பிடிக்கும். ஆனால் மருதாணிக்கு அடுத்து அவுரி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். திண்டிவனம் பக்கம் விளைகிற அதே அவுரிதான். அவுரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்ததும் இலையிலிருந்து நிறமில்லாத ஒரு பொருள் வெளியே வரும். காற்று பட்டதும் அது இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகும். நீலமானபின் தண்ணீரில் கரையாது, முடிக்குள்ளும் போகாது. பெட்டி டைக்கு எது உண்மையோ அதுவே இங்கும் உண்மை. குழைத்துக் கால்மணி நேரம் வைத்துவிட்டு உடனே பூசிவிட வேண்டும், மீதியை எடுத்து வைப்பதில் பயனில்லை. இயற்கை என்பதற்காக வேதியியல் சலுகை காட்டாது.

சரி, மிச்சம் பிடிக்கவே முடியாதா? முடியும். ஆனால் கலப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

எடைபோடும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வகிடும் நெற்றியோரமும் மட்டும்தான் வெளுத்திருக்கிறது என்றால் 15 கிராம் க்ரீம், 15 கிராம் டெவலப்பர் பெரும்பாலும் போதும். இந்த விகிதம் எல்லா ட்யூபுக்கும் ஒன்றல்ல. சிலவற்றில் ஒன்றுக்கு ஒன்றரை, சிலவற்றில் ஒன்றுக்கு இரண்டு என்று இருக்கும். பெட்டியில் போட்டிருப்பதே கணக்கு. தோள்வரை முடி உள்ளவர் முழுத்தலைக்கும் போடுகிறார் என்றால் நான் 60 கிராமை ஒரேயடியாகக் கலக்க மாட்டேன். முதலில் இருபதும் இருபதும் கலந்து, பிடிவாதமாக வெளுத்திருக்கும் நெற்றியோரத்தையும் காதோரத்தையும் முதலில் முடிப்பேன். பின்பக்கத்துக்குப் போதாது என்று தெரிந்தால் பத்தும் பத்தும் மறுபடி கலப்பேன். இரண்டாவது கலவை புதிதாக இருப்பதால் அது கடைசியில் போகிற இடத்திலும் நன்றாகப் பிடிக்கும். கிண்ணம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். இரும்பும் பித்தளையும் பெராக்சைடைக் கண்டபடி பிரித்துவிடும்.

கலக்காத க்ரீம் ட்யூபில் அடுத்த முறைக்கு நிற்கும். அந்த ட்யூபை ஏன் அலுமினியத்தில் செய்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? பிளாஸ்டிக் ட்யூப் அமுக்கிவிட்டால் மறுபடி உப்பி, காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அலுமினியம் மடங்கினால் மடங்கியபடியே கிடக்கும், காற்று உள்ளே போகாது. காற்றை எதிர்க்க க்ரீமில் சோடியம் சல்பைட் போன்ற பொருளும் சேர்த்திருக்கிறார்கள். இருந்தாலும் வாய்ப்பக்கம் கொஞ்சம் கருத்துவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரைப் பிதுக்கி எறிந்துவிட்டு, அடியில் வெண்ணெய் நிறமாக வருகிறதா என்று பாருங்கள். பழுப்பாகவே வந்துகொண்டிருந்தால் ட்யூபை விட்டுவிட வேண்டியதுதான். டெவலப்பரை அதன் பாட்டிலிலேயே மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அளந்தபின் மிஞ்சியதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். டை ஒட்டிய பிரஷையும் உள்ளே விடாதீர்கள். துளி க்ரீம் கலந்தாலும் முழு பாட்டிலும் மெதுவாக வாயு விடத் தொடங்கிவிடும். கத்தரித்துத் திறக்கும் சாஷே வகைகளில் மூடி கிடையாது. அவற்றில் பாதியை மடித்துக் கிளிப் போட்டு வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்ன சாஷேயாக வாங்குங்கள்.

அப்படியும் கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதை உடனே தண்ணீரில் கரைத்து ஊற்றுவதுதான் எல்லோர் வழக்கமும். என் வழக்கம் வேறு. கிண்ணத்தை மூடாமல், குழந்தைகள் கை எட்டாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுவேன். வினை அடங்கி, வாயு போய், கெட்டியாகிவிடும். பிறகு பழைய பேப்பரில் வழித்துச் சுற்றிக் குப்பையில் போடுவேன். கிண்ணத்தில் ஒட்டியதை மட்டும் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். பி.பி.டி. மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. பல ஊர்களில் வீட்டுச் சாக்கடை நேராக வாய்க்காலுக்கோ குளத்துக்கோதான் போகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுகிறவர்கள் டை கழுவிய தண்ணீரை அங்கே விட வேண்டாம். கிணற்றடியில் தலை அலசுவதும் வேண்டாம்.

இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் வீட்டு அலமாரியில் கலந்த டை உள்ள டப்பா ஏதாவது மூடியோடு இருக்கிறதா? இப்போதே போய் எடுங்கள். குலுக்காதீர்கள். கழுவு தொட்டிக்குள் வைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறந்து, அப்படியே திறந்து வைத்துவிடுங்கள்.